கண் நன்றாக இருக்கிறது, பார்வை மட்டும் போகிறது

2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தில் சுமார் 30 லட்சம் பேர். க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய், சுருக்கமாக சி.ஜே.டி., அதை முறையாகக் கணக்கெடுக்கும் நாடுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. அந்தக் கணக்கை இங்கே போட்டால் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆண்டுக்கு மூன்று முதல் ஆறு பேர். நம் ஊரில் முதியவர்களின் விகிதம் குறைவு என்பதற்காகப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும். ஆனால் 1971 முதல் 1990 வரை இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பதிவானவர்கள் வெறும் 30 பேர். அதன் பிறகுதான் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் நோய்ப் பதிவேடு வழியாக எண்ணிக்கை மெல்லக் கூடியது. மற்றவர்கள் எங்கே போனார்கள்? "வயசாயிருச்சு", "வாதம்", "மூளைக் காய்ச்சல்", "மனநோய்" என்ற பெயர்களுக்குள் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கண் மருத்துவமனையின் வாசலிலும் நின்றிருப்பார்கள். கண் சிகிச்சைக்குப் பேர்போன மதுரையில் படிக்கிற மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வாசல் கதைதான்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இவர் பாடத்துக்காகக் கட்டிய நோயாளி. ஆனால் இவருக்கு நான் கொடுக்கும் ஒவ்வொரு அறிகுறியும் இந்த நோயில் உண்மையாகவே காணப்படுவது. சமயநல்லூரில் பூக்கட்டும் 62 வயது அம்மா. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. ஒரு வாரமாக மல்லிகையை எடுக்கக் கை போனால் பூவுக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. நாரும் பூவும் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் எங்கே இருக்கின்றன என்று பிடிபடவில்லை. சுவர் சாய்ந்திருப்பது போலத் தோன்றுகிறது. பச்சை நிறம் வெளிறித் தெரிகிறது. மகள் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போகிறாள். புதுக் கண்ணாடி போட்டும் சரியாகவில்லை. கண் மருத்துவர் பார்க்கிறார், இரு கண்ணிலும் லேசான புரை. அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை? புரையை எடுத்துவிடலாம் என்று தேதி குறிக்கப்படுகிறது.

இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினால் ஓரளவு வாசிக்கிறார். கண்மணி வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்குகிறது. விழித்திரையும் பார்வை நரம்பின் முனையும் பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனாலும் நாற்காலியில் மோதிக்கொள்கிறார். லேசான புரைக்கு இவ்வளவு தடுமாற்றம் வராது. கண்மணியின் எதிர்வினை கெடாமல் பார்வை மட்டும் கெட்டால், பழுது கண்ணில் இல்லை, பின்மூளையின் புறணியில் இருக்கிறது. 1929-ல் அடால்ஃப் ஹைடன்ஹைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இப்படிப் பார்வையில் தொடங்கும் சி.ஜே.டி.யை விவரித்தார். இன்றும் அது ஹைடன்ஹைன் வகை என்றே அழைக்கப்படுகிறது. இந்த வகை நோயாளிகளில் சிலருக்கு, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே புரை அறுவை நடந்துவிடுவது மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

நம் அம்மாவுக்கு ஐந்தாவது வாரத்தில், இல்லாத குழந்தைகள் வாசலில் நிற்பதாகத் தெரிகிறது. மகளின் பெயரைக் கேட்டால் யோசிக்கிறார். ஆறாவது வாரத்தில் நடை அகன்று தள்ளாடுகிறது. குக்கர் விசில் அடித்தால் உடல் முழுவதும் தூக்கிப் போடுகிறது. திடீர்ச் சத்தத்துக்கும் தொடுதலுக்கும் வரும் இந்தத் துள்ளலை மயோக்ளோனஸ் என்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை கைதட்டினால் நீங்களே பார்க்கலாம். அல்சைமர் நோயில் ஆண்டுக் கணக்கில் நடக்கும் சரிவு இங்கே வாரக் கணக்கில் நடக்கிறது. நோய் தொடங்கியதிலிருந்து மரணம் வரை பாதிப்பேருக்கு ஏறக்குறைய ஐந்து மாதத்துக்கு மேல் கிடைப்பதில்லை.

ஏன் இவ்வளவு வேகம்? நம் எல்லோருடைய நரம்பணுக்களின் மேற்பரப்பிலும் பிரியான் புரதம் என்ற ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு 20-ஆம் குரோமோசோமில் உள்ளது. இயல்பான வடிவத்தில் அதன் மடிந்த பகுதி பெரும்பாலும் சுருள் சுருளாக இருக்கும், தன் வேலை முடிந்ததும் சிதைந்து கழிந்துவிடும். இதே புரதம் தட்டைத் தகடுகளாகத் தவறி மடிந்தால், அமினோ அமில வரிசை ஒன்றுகூட மாறாமலே, எளிதில் சிதைக்க முடியாத பொருளாகிவிடுகிறது. அதைவிட மோசம், அருகில் வரும் நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு மடக்குகிறது. பாலில் ஒரு துளி மோரை உறை ஊற்றினால் பானை முழுவதும் தயிராவதைப் போல. ஒரே வேறுபாடு, மோரில் உயிருள்ள நுண்ணுயிர் இருக்கிறது, இங்கே உயிருள்ளது எதுவும் இல்லை. தவறி மடிந்த புரதங்கள் இழைகளாக அடுக்கி நீளும், நீண்ட இழை முறியும், முறிந்த ஒவ்வொரு துண்டும் புது உறையாகும். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும் பெருக்கம் அது. வெளியே தெரியாமல் நெடுங்காலம் ஓடியது, தெரிய ஆரம்பித்ததும் சில வாரங்களில் ஆளைச் சாய்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டான்லி புரூசினர் 1982-ல் இதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தபோது, மரபுப் பொருள் இல்லாமல் எப்படித் தொற்ற முடியும் என்று பலர் ஏற்கவில்லை. 1993-ல் சூரிச்சில் சார்லஸ் வைஸ்மன் குழு, பிரியான் புரத மரபணுவை நீக்கிய எலிகளின் மூளையில் நோய்ப்பொருளைச் செலுத்திப் பார்த்தது. அவற்றுக்கு நோயே வரவில்லை. பால் இல்லாத பானையில் உறை என்ன செய்யும்? 1997-ல் புரூசினருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஒரு வழிமுறையைப் பிடித்துக்கொண்டால் நோயின் மற்ற குணங்கள் தாமாக விளங்கும். புரதம் உடலின் சொந்தப் புரதம், ஆகவே எதிர்ப்பாற்றல் அதை அந்நியனாகப் பார்ப்பதில்லை. காய்ச்சல் இல்லை, முதுகுத்தண்டு நீரில் வெள்ளணுக்கள் கூடுவதில்லை. அந்த நீரில் வெள்ளணு கூடியிருந்தால் சி.ஜே.டி.யைத் தள்ளிவைத்துவிட்டு வேறு காரணம் தேடுங்கள். பெரும்பாலானோருக்கு, அதாவது நூற்றில் 85 பேர் அளவுக்கு, முதல் தவறான மடிப்பு எந்தக் காரணமும் இல்லாமல் தானாக நேர்கிறது. மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாமே மரபணு மாற்றத்தால் வருபவை. மாட்டிறைச்சி சாப்பிட்டாரா என்று குடும்பத்தைக் குடைந்து கேட்பதில் இங்கே பயனில்லை. மாட்டிறைச்சி வழியாக வந்து பிரிட்டனில் 1996-ல் அறியப்பட்ட வகை வேறு, அது தாக்கியதும் பெரும்பாலும் இளவயதினரை.

இனி சோதனைகள். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது டிஃப்யூஷன் படங்கள் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். நம் அம்மாவின் படத்தில் பின்மூளை, உச்சிமூளைப் புறணியின் மடிப்புகளில் வெள்ளை ரிப்பன் ஒட்டியது போல் ஒளிரும். மற்ற வகைகளில் காடேட், புட்டமென் ஆகிய உட்கருக்களும் ஒளிரும். ஹைடன்ஹைன் வகையில் அவை தப்பியிருக்கலாம், அதனால் அவை இயல்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இ.இ.ஜி.யில் நொடிக்கு ஒன்று என்ற தாளத்தில் கூர் அலைகள் வரும். எல்லோருக்கும் வராது, வருபவர்களுக்கும் நோயின் நடுப்பகுதியில்தான் பெரும்பாலும் தெரியும். ஒருமுறை இல்லையென்றால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஆர்.டி.-குயிக். நோய் செய்யும் அதே வேலையைச் சோதனைக் குழிக்குள் செய்ய வைத்து நோயைப் பிடிக்கிறார்கள். ஆய்வகத்தில் தயாரித்த நல்ல பிரியான் புரதத்தில் நோயாளியின் முதுகுத்தண்டு நீரைச் சிறிதளவு விட்டு, சூடாக்கிக் குலுக்குகிறார்கள். அந்த நீரில் உறை இருந்தால் நல்ல புரதம் இழையாகத் திரளும். இழையில் ஒட்டிக்கொள்ளும் தயோஃப்ளேவின் சாயம் ஒளிரும். சி.ஜே.டி. உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது கண்டுபிடிக்கிறது, நோய் இல்லாதவருக்கு ஒளிர்வது மிக அரிது. ஆனால் நீரில் ரத்தம் கலந்திருந்தால் வினை தடைப்பட்டு, நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். முதுகில் ஊசி போடுபவரின் கைப்பக்குவமே இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. பழைய 14-3-3 சோதனை இவ்வளவு துல்லியமானதல்ல. நரம்பணு எதனால் அழிந்தாலும், வலிப்பிலும் வாதத்திலும்கூட, அது உயரும். அதை மட்டும் நம்பி ஒருவருக்கு மரணத் தீர்ப்பு எழுதக் கூடாது.

தீர்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கப் பிரியான் ஆய்வு மையத்துக்குச் சந்தேகத்தின் பேரில் வந்த 1106 மூளைகளைப் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 352 பேருக்குப் பிரியான் நோயே இல்லை. அவர்களில் 71 பேருக்கு இருந்தது சிகிச்சைக்கு இடம் தரும் நோய்: எதிர்ப்பாற்றல் தன் மூளையையே தாக்கியது, லிம்ஃபோமா, தொற்று, சத்துக் குறைவு. படத்தில் தெரியும் அந்த வெள்ளை ரிப்பன் ஓயாத வலிப்பிலும், மூளைக்கு ஆக்சிஜனோ சர்க்கரையோ குறைந்தாலும் வரும். ஆகவே ரிப்பனைப் பார்த்தவுடன் குடும்பத்தைக் கூப்பிடாதீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து, ஒரு பக்க முகமும் கையும் ஒருசேர நொடிப்பொழுது இழுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அது எல்.ஜி.ஐ.1 எதிர்ப்பொருளால் வரும் மூளை அழற்சி, ஸ்டீராய்டுக்குக் கேட்கும். பி12, சிபிலிஸ், எச்.ஐ.வி., காசநோய் இவற்றைத் தேடாமல் விடக் கூடாது. நோயாளி பதின்வயதினராக இருந்தால் தட்டம்மை வைரஸ் பின்னாளில் தரும் எஸ்.எஸ்.பி.இ.யை முதலில் நினையுங்கள். அதிலும் துள்ளல் உண்டு, இ.இ.ஜி. அலைகளும் உண்டு, ஆனால் அந்த அலைகள் பல நொடிகளுக்கு ஒருமுறைதான் வரும். சந்தேகம் மிச்சமிருக்கும்போது, தொற்று இல்லை என்று தெரிந்த பின் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்ப்பது நியாயம். நோய் சி.ஜே.டி.யாகவே இருந்தாலும் அதனால் பெரிதாக இழப்பதில்லை.

புரை அறுவைத் தேதியிலிருந்து நம் அம்மாவைத் திருப்பி அனுப்புவது எதற்கு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். சூரிச்சில் ஒரு சி.ஜே.டி. நோயாளியின் மூளைக்குள் வைத்த வெள்ளி மின்முனைகளை 70 சதவீத ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் சுத்தம் செய்து, வலிப்பு நோய் இருந்த இரண்டு இளையவர்களுக்குப் பயன்படுத்தினார்கள். இருவரும் சி.ஜே.டி.யால் இறந்தார்கள். 1977-ல் இது வெளிவந்தது. பிறகு அதே மின்முனையை ஒரு சிம்பன்சிக்கு வைத்துப் பார்த்தபோது அதற்கும் நோய் வந்தது. 1974-ல் அமெரிக்காவில் பதிவான இன்னொரு நிகழ்வில், சி.ஜே.டி.யால் இறந்தவரின் கருவிழியைப் பெற்ற பெண்ணுக்கு 18 மாதத்தில் நோய் தொடங்கியது. புரை அறுவைக் கருவியால் நோய் பரவியதற்கு நிரூபணமான நிகழ்வு இல்லை. ஆனால் விழித்திரையும் பார்வை நரம்பும் நோய்ப்பொருள் மிகுந்தவை, அங்கே தொட்ட கருவியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. வழக்கமான 121 டிகிரி ஆட்டோகிளேவ் இதற்குப் போதாது. 134 டிகிரியில் 18 நிமிடம், அல்லது ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறல் என்பவை பரிந்துரைகளில் உள்ளவை. முடிந்தால் கருவியையே எரித்துவிடுவது மேல். ஃபார்மலின் நோய்ப்பொருளை அழிப்பதில்லை. பேத்தாலஜியில் மூளைத் துண்டை ஃபார்மிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே மேற்கொண்டு வெட்ட வேண்டும்.

வீட்டாருக்கு இந்தப் பயம் எதுவும் வேண்டாம். தொட்டாலோ, குளிப்பாட்டினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவாது. துள்ளலுக்குக் குளோனசெபாம் அல்லது வால்ப்ரோயேட் கொடுத்தால் அம்மாவும் பக்கத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் தூங்குவார்கள். விழுங்க முடியாமல் போகும் நாள் வருவதற்கு முன்பே, மூக்குக் குழாய் வேண்டுமா வேண்டாமா என்று மகளிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மரபணுச் சோதனை என்பது பிள்ளைகளின் எதிர்காலத்தையும் தொடுவது, அதை அவர்கள் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது. இறந்த பிறகு வழக்கம்போல் குளிப்பாட்டி, எரிக்கலாம், புதைக்கலாம். உடலைப் பதப்படுத்துவதையும் கண் தானத்தையும் உடல் தானத்தையும் மட்டும் தவிர்க்க வேண்டும். காரணம் தெரியாமல் சில மாதத்தில் நினைவிழந்து இறந்தவரின் கண்ணைக் கண் வங்கி ஏற்பதில்லை. வீட்டார் நல்லெண்ணத்தில் கண் வங்கிக்குப் போன் போட்டுவிடுவார்கள். கடைசியாக எழுதிய டிஸ்சார்ஜ் தாளில் சந்தேகத்தை வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் கண் எடுக்க வருபவருக்கு அது தெரியும்.