பலூனுக்கு எதிர்மறைக் கன அளவு

பிளஸ் ஒன் படிக்கும் வாசகி ஒருவர் தன் கணக்கு நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். வாயுவின் கன அளவு எதிர்மறையாக வந்துவிட்டதாம், சூத்திரம் சரிதானே என்று கேட்கிறார். சூத்திரம் சரிதான்:

P₁V₁/T₁ = P₂V₂/T₂

தப்பு எங்கே என்று பார்க்க, எனக்குப் பிடித்த வானிலை பலூனை எடுத்துக்கொள்கிறேன். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து அப்படிப்பட்ட பலூன்களைப் பறக்கவிடுகிறார்கள். உள்ளே அடைத்த ஹைட்ரஜன் அப்படியே இருக்கும். மேலே போகப் போக அழுத்தம், கன அளவு, வெப்பநிலை மூன்றும் மாறும்.

தரையில் 1.5 கன மீட்டர் வாயு, அழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 27 டிகிரி என்று வைப்போம். ஏறக்குறைய 16 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் 100 ஆகக் குறைந்துவிடும். குளிரோ மைனஸ் 78 டிகிரி. இந்த 27-ஐயும் மைனஸ் 78-ஐயும் அப்படியே போட்டால் கன அளவு மைனஸ் 43 வரும். வாசகிக்கு நேர்ந்ததும் இதுதான். செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் புள்ளி, வாயுவுக்கு அதில் அக்கறை இல்லை. இரண்டிலும் 273 கூட்டிக் கெல்வினாக்கினால் 300, 195.

நான் சூத்திரத்தில் எண்களைக் கொட்டுவதில்லை. பழைய கன அளவை இரண்டு பின்னங்களால் பெருக்குவேன். அழுத்தம் குறைகிறது, வாயு விரியும், ஆகவே பெரிய எண் மேலே: 1000/100. குளிர்கிறது, வாயு சுருங்கும், ஆகவே சிறிய எண் மேலே: 195/300. 1.5 × 10 × 0.65 என்றால் 9.75 கன மீட்டர். எதை மேலே போடுவது என்பதை வாயுவே சொல்லிவிடுகிறது. இந்த ஒரு நிமிட யோசனைக்கு இடம் தராமல் சூத்திரத்தை மட்டும் ஒப்பிக்க வைக்கும் வகுப்புகள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

அவ்வளவு குளிரிலும் பலூன் ஏன் சுருங்கவில்லை? குளிர் பறித்தது மூன்றில் ஒரு பங்கு, அழுத்தக் குறைவு கொடுத்ததோ பத்து மடங்கு. இன்னும் ஏறி 31 கிலோமீட்டரை நெருங்கினால் அழுத்தம் 10, வெப்பநிலை 230 கெல்வின் அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் 115 கன மீட்டர். கீழே ஒன்றரை மீட்டருக்கும் குறைவான விட்டம் அங்கே ஆறு மீட்டர்! வளரும் பிள்ளை என்று அம்மா எனக்கு இரண்டு அளவு பெரிதாகச் சீருடை தைப்பார். பலூனிலும் அப்படித்தான், ரப்பர் மேலே விரிய இடம்விட்டுக் கீழே கொஞ்சமாகவே வாயு அடைக்கிறார்கள்.

ரப்பரின் இழுவிசையால் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பகலில் வெயில் வாயுவைச் சுற்றுக் காற்றைவிடச் சூடாக்கும். அதனால் உண்மையான அளவு நம் விடையிலிருந்து சிறிது விலகலாம். ரப்பர் தாங்காமல் கிழிந்ததும் வாயு வெளியேறிவிடும், அதற்குமேல் இந்தச் சமன்பாடு செல்லாது.