நண்டு ஓடு மாற்றும் நேரம்

நண்டுக்கு ஓடுதான் எலும்புக்கூடு. அதன் தசைகள் எல்லாம் உள்ளிருந்து ஓட்டைப் பற்றிக்கொண்டே இயங்குகின்றன. கைட்டின் என்னும் நார்ப்பொருளையும் புரதத்தையும் தோல் சுரந்து அடுக்கடுக்காகப் படியவைக்கிறது. அவற்றில் சுண்ணாம்புச் சத்து ஏறி ஓடு இறுகுகிறது. இறுகிய ஓடு பிறகு விரிவதில்லை. உடல் பெரிதாக வேண்டுமானால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பூச்சிகளுக்கும் இதே கட்டாயம் உண்டு.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் வாழும் நீல நண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓடு கழற்றிய மென்னண்டை அங்கே முழுதாகச் சமைத்து உண்பார்கள் என்பதால், அது எப்போது ஓடு கழற்றும் என்பதை மீனவர்கள் நுணுக்கமாகக் கவனித்து வைத்திருக்கிறார்கள். குஞ்சுப் பருவத்திலிருந்து முதிர்வதற்குள் இந்த நண்டு ஏறத்தாழ 20 முறை ஓடு மாற்றுகிறது.

மாற்றத்துக்கான ஆயத்தம் பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நண்டின் கண்காம்பிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் சாதாரண நாட்களில் ஓடு கழற்றுவதைத் தடுத்து வைக்கிறது. அது குறையும்போது வேறொரு சுரப்பி விழித்துக்கொள்கிறது. பழைய ஓட்டிலிருந்து தோல் விலகுகிறது. இடையில் சுரக்கும் திரவம் ஓட்டின் உள்ளடுக்குகளைக் கரைக்க, கரைந்ததில் ஒரு பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அடியில் புதிய ஓடு மெல்லியதாக, சுருக்கங்களோடு உருவாகிறது. பின்னர் அது விரிய இடம் தருபவை அந்தச் சுருக்கங்களே. நீந்தும் கடைசிக் காலின் தட்டையான கணுவில் புதிய ஓட்டின் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். கோடு வெளிறியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. சிவந்துவிட்டால் ஓரிரு நாளில் ஓடு கழலும்.

இதில் கடினமான இடம் கொடுக்கு. சதைப்பற்றுள்ள பெரிய கொடுக்கை, அதன் அடியில் உள்ள குறுகிய மூட்டு வழியாகத்தான் உருவியெடுக்க வேண்டும். அதற்காகவே கொடுக்கின் தசை முன்கூட்டியே சுருங்கிவிடுகிறது. நேரம் வந்ததும் நண்டு நீரை உறிஞ்சி உடலை உப்பவைக்கிறது. முதுகோட்டின் பின்விளிம்பில் பிளவு விழுகிறது. அதன் வழியே நண்டு பின்னோக்கி வெளியேறுகிறது. கால்கள் மட்டுமல்ல, கண்களின் மேலுறை, செவுள்களின் மெல்லிய உறை, இரைப்பைக்குள் இரையை அரைக்கும் பற்கள் வரை அனைத்தும் பழைய ஓட்டோடு போய்விடுகின்றன. கால் சிக்கிக்கொண்டால் அதை உதறிவிட்டுத் தப்பலாம். உடலே சிக்கினால் மரணம்தான்.

வெளிவந்த நண்டு மேலும் நீர் குடித்து வீங்குகிறது. 9 சென்டிமீட்டர் அகலமிருந்தது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆகிவிடும். இந்தத் திடீர் வளர்ச்சி முழுவதும் நீரால் வந்தது. அந்த இடத்தைச் சதை நிரப்புவது அடுத்த சில வாரங்களில்தான். நம்மூர்ச் சந்தையில் பெரிதாகத் தோன்றியும் கையில் கனமில்லாத நண்டு, பெரும்பாலும் அண்மையில் ஓடு மாற்றியதாகவே இருக்கும்.

நண்டு வாழ்வில் மிகவும் ஆபத்தான நேரம் இதுதான். கொடுக்கால் கவ்வ முடியாது, வாயுறுப்புகள் மென்மையாக இருப்பதால் தின்னவும் முடியாது. உள்ளே அடைபட்ட நீரின் அழுத்தமே அப்போது எலும்புக்கூட்டின் வேலையைச் செய்கிறது. அதைக்கொண்டு மெல்ல நகர முடியும், எதிர்த்து நிற்க முடியாது. மீன், பறவை மட்டுமல்ல, சக நண்டுகளும் அதைத் தின்றுவிடும். ஆகவே அது கடற்புல்லுக்குள் ஒளிகிறது. நீல நண்டில் பெண் இணைசேர்வதும் கடைசியாக ஓடு கழற்றிய இந்த மென்மையான நிலையில்தான். அதற்கு முன்பிருந்தே ஆண் அதைத் தன் அடியில் அணைத்துச் சுமக்கிறது. ஓடு இறுகும்வரை விடுவதில்லை. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கடல்நீரிலிருந்தே நண்டு எடுத்துக்கொள்வதால் சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு காகிதம்போல் விறைக்கத் தொடங்குகிறது. முழுதாக இறுக இன்னும் சில நாட்கள் ஆகும். நீரைவிட்டு எடுத்தால் இறுகுவது நின்றுவிடும் என்பதால்தான், நண்டுகளை ஓடு கழற்றவைக்கும் தொட்டிகளை மீனவர்கள் இரவிலும் சில மணிக்கொரு முறை பார்க்கிறார்கள்.

பூச்சிகளின் ஓட்டில் பொதுவாகச் சுண்ணாம்பு இல்லை; புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்தே அது கடினமாகிறது. நிலத்தில் வாழும் பூச்சி நீருக்குப் பதில் காற்றை விழுங்கி உடலை விரிக்கிறது. அதன் மூச்சுக்குழல்களின் உள்ளுறையும் உரிந்து வருகிறது. வீட்டில் சில சமயம் காணப்படும் வெள்ளைக் கரப்பான் தனி இனமல்ல. அப்போதுதான் தோலுரித்தது அது, சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கிறது. அந்த நேரங்களில் அது இலை தின்னாமல் தலையைத் தூக்கி அசையாதிருக்கும். வளர்ப்பவர்கள் அப்போது இலை போடுவதை நிறுத்தி, புழுப்படுக்கையை உலர்வாக வைப்பார்கள். ஈரமும் தொந்தரவும் தோலுரிப்பைப் பாதிக்கும். முழு வளர்ச்சியடைந்து சிறகு வந்தபின் பெரும்பாலான பூச்சிகள் தோலுரிப்பதில்லை, அதற்குமேல் வளர்வதுமில்லை. சிறிய ஈ ஒன்று நாளடைவில் பெரிய ஈ ஆவதில்லை. அதன் அளவு புழுப்பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது.