பொன்னிறம் பூங்காவுக்கு, முகத்துக்கு அல்ல

மணிவிழா வீடியோ என்றால் ஹோமமும் மாலை மாற்றலும் மட்டும் இருந்தால் போதாது என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. தம்பதியின் இளமைக்காலத்தை மகனும் மருமகளும் நடித்துக் காட்டும் இரண்டு நிமிட ‘ப்ளாஷ்பேக்’கும் வேண்டும். பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்துக்கு அதற்கான இடம் தேடுவதில் சிரமமில்லை. கப்பன் பூங்காவில் மூங்கில் புதர், நிழல் பாதை, சிவப்புக் கட்டடம் எல்லாம் இருக்கின்றன. படம் பிடித்தபின் எடிட்டரிடம் சொல்லும் வாக்கியமும் பெரும்பாலும் ஒன்றுதான்: “பழைய ஞாபகம் மாதிரி ஒரு பொன்மஞ்சள் கலர் கொடுங்க.”

ஞாபகம் ஏன் பொன்மஞ்சளாக இருக்க வேண்டும்? மனசு காரணமல்ல, ரசாயனம்தான் காரணம். அந்நாளைய வண்ணப் புகைப்படத்தில் மூன்று சாயங்கள்: மஞ்சள், மெஜந்தா, சியான் எனப்படும் நீலப்பச்சை. இருட்டான ஆல்பத்துக்குள் வைத்தாலும், 1970களின் தாள்களில் பெரும்பாலும் முதலில் மங்கியது சியான். மிஞ்சிய இரண்டும் சேர்ந்து படத்தைச் சிவக்க வைத்தன. தியேட்டர்களில் ஓடிய ஈஸ்ட்மென் கலர் பிரதிகளுக்கும் இதே கதிதான். 1980களின் தொடக்கத்தில் சாயம் எளிதில் மங்காத பிரதிச் சுருளை கோடக் கொண்டுவரும்வரை, பழைய பிரதி என்றாலே இளஞ்சிவப்பு என்றாகியிருந்தது. சாயம் வெளுத்ததை நாம் காலத்தின் நிறம் என்று எடுத்துக்கொண்டோம். அந்த வெளுப்பில் மனிதர்களின் முகமும் செங்கல் நிறமாகிப் போயிருந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

எடிட்டர் தடுக்கி விழுவதும் இங்கேதான். காட்சி முழுவதற்கும் ஒரே அடியாக ஆரஞ்சு ஏற்றுவது சுலபம். ஆனால் மனிதத் தோலில் சிவப்பும் மஞ்சளும் ஏற்கெனவே நிறைய உண்டு. மாநிறத் தோலில் அவை இன்னும் அழுத்தமாகத் தெரியும். அதன்மேல் மறுபடி ஆரஞ்சு விழுந்தால் மரம் அழகாகும், மனிதருக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும்.

தோலின் நிறத்தைக் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யத் தேவையில்லை. எடிட்டிங் மென்பொருள்களில் வெக்டர்ஸ்கோப் என்ற வட்ட மானி இருக்கிறது. அதைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், சிவப்பு பதினொன்றரை மணித் திசையில் இருக்கும், மஞ்சள் ஒன்பதரை மணித் திசையில். மனிதத் தோல் ஏறக்குறைய பதினோரு மணி முள்ளை ஒட்டி விழும். சிவந்த மேனி, கறுத்த மேனி இரண்டுக்கும் திசை கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளிச்சமும் அடர்த்தியும்தான் மாறும். ஆகவே கணவர் கறுப்பு, மனைவி சிவப்பு என்றால் இருவரையும் அந்த முள்ளின் அருகே வைத்தால் போதும். அவரை வெளுக்க வைத்து அவளுக்கு ஈடாக்குவது கல்யாண ஸ்டுடியோக்களின் பழைய கெட்ட பழக்கம். நிறத் திருத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணி, தூங்குமூஞ்சி மர நிழல். பெண்ணுக்குச் சந்தன நிறப் பட்டுப்புடவை, தலையில் மல்லிகை. பையனுக்கு வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பின்னால் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தின் சிவப்புச் சுவர்.

முதல் வேலை பொன்னிறம் ஏற்றுவதல்ல, பச்சையை எடுப்பது. சுற்றிலும் இலையும் புல்லுமாக இருப்பதால் தாடைக்குக் கீழே பச்சை நிழலாடும். சட்டையும் விபூதியும் வெள்ளையாகத் தெரியும்வரை மொத்தப் படத்துக்கும் கொஞ்சம் மெஜந்தா சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே மஞ்சளுக்குப் போனால், பச்சையும் மஞ்சளும் கலந்து முகம் பாசி பிடித்ததுபோல் ஆகும்.

அடுத்தது இலை. பழைமை தோன்றுவதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். 2000ல் வெளியான ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்துக்காக மிசிசிப்பியின் கோடைப் பசுமையை 1930களின் காய்ந்த பொன்வெளியாக மாற்ற வேண்டியிருந்தது. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் லேப் ரசாயன முறைகளைச் சோதித்துப் பார்த்துத் திருப்தியடையாமல், படத்தை முழுவதும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். பச்சையை மட்டும் தனியே பிடித்து மஞ்சள் பக்கம் திருப்பினார்கள். அன்று பல வாரங்கள் பிடித்த அந்த வேலையை இன்று டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே செய்யலாம். Hue vs Hue என்ற கோட்டைத் திறந்து, படத்தில் ஓர் இலையைத் தொட்டால் கோட்டில் மூன்று புள்ளிகள் விழும். நடுப்புள்ளியை மஞ்சள் பக்கம் பதினைந்து, இருபது டிகிரி திருப்பினால் போதும். தோலின் ஆரஞ்சுப் பக்கமாக உள்ள ஓரப்புள்ளியைத்தான் கவனிக்க வேண்டும். அது நகர்ந்து ஆரஞ்சைத் தொட்டால் முகமும் சேர்ந்து திரும்பும். இருபதுக்கு மேல் போனால் பூங்கா பழையதாகத் தெரியாது, காய்ந்துபோனதாகத் தெரியும்.

மீதிப் பாதி வெளிச்சத்தில். இலைகளின் இடைவெளியில் தெரியும் வானத்துக்கும் சட்டையின் பளிச்சிடும் இடங்களுக்கும் வெண்ணெய் நிறம் போதும். வெளுத்த போட்டோவில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது என்பதால் கறுப்பைச் சற்றே உயர்த்தலாம். ஆனால் நிழலுக்குள் பழுப்பு ஏற்றக் கூடாது. ஏற்றினால் பெண்ணின் பின்னல் காட்டிக் கொடுத்துவிடும். கருங்கூந்தல் செம்பட்டையாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

கடைசியில் தோல். Qualifier என்ற கருவியால் தோல் நிறத்தைப் பொறுக்கி எடுக்கலாம். ஆனால் அதற்குச் சந்தனப் புடவையும் சிவப்புச் சுவரும்கூடத் தோலாகத்தான் தெரியும். அதனால் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஆள் நகர நகர அதையும் நகரவிட வேண்டும். கழுத்துக்கும் கைகளுக்கும் தனி வட்டங்கள் தேவை. முகத்தை மட்டும் திருத்தியவர்கள், வெட்கத்தில் அவள் கன்னத்தில் கைவைக்கும் இடத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள்: முகம் ஒரு நிறம், கை வேறு நிறம்.

பயந்துகொண்டு தோலை அடியோடு ஒதுக்கிவிடுவதும் தவறு. சுற்றிலும் பொன்னிறம் இருக்கும்போது, மாற்றமே இல்லாத முகம் கண்ணுக்குச் சாம்பல் பூத்ததாக, வெட்டி ஒட்டியதாகத் தோன்றும். கண் சூழலுக்குப் பழகிக்கொண்டு முகத்தை நீலமாகப் பார்ப்பதால் வரும் கோளாறு இது. சுற்றுப்புறத்துக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கை முகத்துக்கும் விட்டுவைப்பது பொதுவாகக் கைகொடுக்கும். வெக்டர்ஸ்கோப்பில் தோல் பதினோரு மணியை விட்டுப் பத்தரையை நெருங்கினால் பின்வாங்க வேண்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் முடியும் என்பதில்லை. 2004ல் வந்த சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ படத்தில், வாழ்க்கையின் வெவ்வேறு பருவங்களைப் படம்பிடிக்க நான்கு ஒளிப்பதிவாளர்கள் இருந்தார்கள். பருவத்தின் சாயல் படப்பிடிப்பிலேயே வந்துவிட்டால் பின்னால் திருத்த வேண்டியது குறையும். பூங்காவிலும் அப்படியே: எட்டு மணிக்குப் பதில் மாலை ஐந்தரைக்குப் போய், முகத்தருகே ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் பச்சை நிழல் பெருமளவு போய்விடும்.

முடித்த வீடியோவைப் பார்க்கும்போது மூன்று இடங்களில் கண் நிற்க வேண்டும்: விபூதி, மல்லிகை, கண்ணின் வெண்விழி. விபூதியும் மல்லிகையும் லேசாக வெண்ணெய் நிறமாகலாம். வெண்விழி மஞ்சளானால் வேலையைத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். குடும்பத்தார் அதைப் பார்க்கப் போவது செல்போனில். அதில் கண்ணுக்கு இதம் தரும் இரவு மஞ்சள் விளக்கு முறை போட்டிருந்தால், எத்தனை அளந்து செய்த வேலையும் ஒருமடங்கு கூடுதல் மஞ்சளாகவே தெரியும். “முகமெல்லாம் என்னங்க இப்படி?” என்று போன் வந்தால், எடிட்டர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.