சாய்ந்து நிற்கும் சதுரம்

எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் வரும் நாளன்று, பல வகுப்புகளில் கரும்பலகையில் முதலில் ஏறுவது a² + b² = c² என்ற சூத்திரம்தான். அடுத்த ஐந்து நிமிடத்தில் 3, 4, 5 வந்துவிடும். பிறகு சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கு. பிள்ளைகள் விடையும் எழுதிவிடுவார்கள். ஆனால் "பக்கங்களைக் கூட்டாமல் அவற்றின் வர்க்கங்களை ஏன் கூட்டுகிறோம்?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால், அதுவரை நடந்த பாடத்தில் அதற்குப் பதில் இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். இரண்டு பாடவேளை போதும். கட்டம் போட்ட நோட்டு, அளவுகோல், கத்தரிக்கோல், பழைய அட்டை இருந்தால் சரி. சூத்திரத்தை ஆசிரியர் முதலில் சொல்லாமல் இருப்பதுதான் இதில் கடினமான வேலை.

முதல் வேலை, நோட்டில் 3 கட்டம் படுக்கையாகவும் 2 கட்டம் செங்குத்தாகவும் வைத்து ஒரு செங்கோண முக்கோணம் வரைவது. ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர் என்றால், சாய்ந்த பக்கமான கர்ணத்தை அளக்கும்போது ஒருவருக்கு 3.6 வரும், பக்கத்தில் இருப்பவருக்கு 3.5 அல்லது 3.7. வர்க்கப்படுத்தினால் 12.25, 12.96, 13.69 என்று ஆளுக்கொரு விடை. அளவுகோல் இவ்வளவுதான் சொல்லும். 13-க்கு அக்கம்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறதே தவிர, சரியாக 13தானா என்பதை எத்தனை முறை அளந்தாலும் உறுதி செய்ய முடியாது. பல பாடங்கள் அளப்பதோடு நின்று, "பார்த்தீர்களா, சூத்திரம் சரியாக வருகிறது" என்று முடித்துவிடுகின்றன. அங்கே நிறுத்தக் கூடாது.

அடுத்து, அந்தக் கர்ணத்தின் மீதே ஒரு சதுரம் எழுப்ப வேண்டும். சாய்ந்த கோட்டின் மேல் சதுரம் வரைவது பிள்ளைகளுக்குக் குழப்பமான வேலை. கட்டங்களை எண்ணி நகர்ந்தால் எளிது: ஒரு புள்ளியிலிருந்து 3 வலது, 2 மேலே, அங்கிருந்து 2 இடது, 3 மேலே, பிறகு 3 இடது, 2 கீழே, கடைசியாக 2 வலது, 3 கீழே. தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்ந்துவிடலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் 2-உம் 3-உம் இடம் மாறுவதைச் சில பிள்ளைகள் தாமாகவே கவனிப்பார்கள்.

இந்தச் சாய்ந்த சதுரத்தின் பரப்பு என்ன? உள்ளே எண்ணினால் வெட்டுப்பட்ட கட்டங்கள் தொல்லை கொடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வழி தெரியும். அதைச் சுற்றி 5-க்கு 5 கட்டத்தில் ஒரு நேர்ச் சதுரம் போட்டால், நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி நான்கு முக்கோணங்கள் மிஞ்சும். ஒவ்வொன்றும் 3-க்கு 2 செவ்வகத்தில் பாதி, அதாவது 3 கட்டம். 25-லிருந்து 12 போனால் 13. அளவுகோல் இல்லாமலே சரியாக 13 கிடைத்துவிட்டது. 2-இன் வர்க்கம் 4, 3-இன் வர்க்கம் 9.

இதே வேலையை 1-க்கு 1, 1-க்கு 2, 1-க்கு 4 முக்கோணங்களுக்கும் செய்தால் 2, 5, 17 என்று வரும். அட்டவணையில் எழுதி வைத்ததும் வகுப்பில் யாராவது ஒருவர் உறவைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். 3-க்கு 4-ஐக் கடைசியில் கொடுப்பது நல்லது. முதலிலேயே கொடுத்தால் 3, 4, 5 என்ற வரிசை கண்ணை ஏமாற்றும். அடுத்தது 4, 5, 6 என்று நம்புகிற பிள்ளைகள் உண்டு.

அட்டவணை எத்தனை நீண்டாலும் அது நிரூபணம் ஆகாது. அதற்குத்தான் அட்டை. ஒரே அளவில் நான்கு செங்கோண முக்கோணங்களை வெட்டிக்கொண்டு, செங்கோணத்தை ஒட்டிய இரு பக்கங்களின் கூடுதலைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரத் தாளில் மூலைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். நடுவில் வெறுமையாகத் தெரிவது கர்ணத்தின் மேல் எழும் சதுரம். அதே நான்கையும் இரண்டிரண்டாகச் சேர்த்து இரு செவ்வகங்களாக்கி, எதிரெதிர் மூலைகளுக்குத் தள்ளினால், வெறுமையாக இருப்பவை இரண்டு சதுரங்கள்: சிறிய பக்கத்தின் மேல் ஒன்று, பெரிய பக்கத்தின் மேல் ஒன்று. தாளும் மாறவில்லை, அட்டைகளும் மாறவில்லை. அப்படியானால் மிஞ்சிய இடமும் மாறியிருக்க முடியாது. முக்கோணத்தின் அளவு எதுவானாலும் இது பொருந்தும்.

இரண்டாம் பாடவேளையில் செங்கோணம் இல்லாத முக்கோணங்களையும் தர வேண்டும். இல்லையென்றால் எல்லா முக்கோணத்துக்கும் சூத்திரத்தைப் போட்டுவிடுவார்கள். 4, 5, 6 பக்கங்களில் 16-உம் 25-உம் சேர்ந்து 41. 36-ஐ விட அதிகம். மூலையில் இருப்பது குறுங்கோணம். 4, 5, 7 என்றால் 41, 49-க்குக் குறைவு, விரிகோணம். சரிசமமாக வந்தால்தான் செங்கோணம்.

பயிற்சிக் கணக்குகளில் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். கர்ணத்தைக் கொடுத்து மற்றொரு பக்கத்தைக் கேட்டாலும் கூட்டிவிடுவது ஒன்று: கர்ணம் 13, ஒரு பக்கம் 5 என்றால் 169-லிருந்து 25-ஐக் கழித்து 144, விடை 12. கூட்டியவருக்கு 13-ஐ விடப் பெரிய விடை வரும். கர்ணம்தான் நீளமான பக்கம் என்பது நினைவிருந்தால் தவறு உடனே தெரியும். முக்கோணத்தைத் திருப்பி வரைந்தால் கர்ணத்தை அடையாளம் காணத் தடுமாறுவது இன்னொன்று. செங்கோணத்துக்கு எதிரே விரல் வைக்கச் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் சரியாகும்.

ஏணியை விட நல்ல பயிற்சி, வீடு கட்டும் இடத்தில் இருக்கிறது. கொத்தனார் மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடி, மற்றொன்றில் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடித்து 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். டேப் 5 அடி 1 அங்குலம் காட்டினால்? மூலை ஏறத்தாழ 92 பாகை ஆகிவிட்டது என்று பொருள். 20 அடிச் சுவர் அந்தக் கோணத்தில் போனால், மறுமுனை சுமார் 8 அங்குலம் விலகி நிற்கும். ஆகவே இடம் இருந்தால் 6, 8, 10 அடி வைத்துப் பார்ப்பது நல்லது. குறுக்கே அதே 1 அங்குலப் பிழை வந்தாலும் கோணத்தில் விலகல் பாதியாகிவிடும்.

கடைசிப் பயிற்சிக்குத் தமிழிலேயே ஒரு பொருள் உண்டு. போதையனார் பெயரில் ஒரு பழம்பாட்டு வலம் வருகிறது. அதன் கணக்கு இதுதான்: பெரிய பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளு, சிறிய பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் கிடைக்கும். வர்க்கமூலமே வேண்டாம். 4-க்கு 3 என்றால் 3.5-உடன் 1.5 சேர்ந்து 5. 12-க்கு 5 என்றால் 10.5-உடன் 2.5 சேர்ந்து 13. இரண்டும் சரி. பிதாகரஸ் தேற்றத்தையே இது மிஞ்சிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

பிள்ளைகளையே சோதிக்கச் சொல்ல வேண்டும். 10-க்கு 10 அடி அறையின் குறுக்களவு இந்த வழியில் 13.75 அடி, உண்மையில் 14.14. கிட்டத்தட்ட 5 அங்குலம் குறைகிறது. 24-க்கு 7 என்றால் 24.5 வரும், உண்மை 25. இயற்கணிதம் தெரிந்த மேல்வகுப்பு மாணவர் இரண்டு வழிகளையும் சமன்படுத்திப் பார்த்தால், பக்கங்கள் 3-க்கு 4, 5-க்கு 12 என்ற விகிதங்களில் இருக்கும்போது மட்டுமே பாட்டின் கணக்கு சரியாக அமையும் என்பதைக் காண்பார். மற்றவற்றுக்கு அது தோராயம்தான், அதுவும் 5-க்கு 12 என்ற விகிதத்தைத் தாண்டிப் பக்கங்களுக்குள் வேறுபாடு கூடக்கூட மோசமாகும். 8-க்கு 1 என்ற ஒல்லி முக்கோணத்தில் அது தரும் கர்ணம் 7.5. பக்கத்தை விடக் கர்ணம் சிறியதாகிவிடுகிறது என்பதை வரைந்து பார்க்காமலே எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.