நேர்ப்பொருள் சிந்தனையும் நகைச்சுவையும்

ஒருவர் சொன்ன சொற்களுக்கு அகராதியில் உள்ள நேரான பொருளையே முதலில் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும் இயல்பை நேர்ப்பொருள் சிந்தனை எனலாம். ஆட்டிசம் (மதியிறுக்கம்) உள்ளவர்கள் பலரிடம் இது காணப்படுகிறது. ஆனால் இந்த இயல்பு உள்ள எல்லோருக்கும் ஆட்டிசம் இருப்பதில்லை. கணக்கிலும் கருவிகளிலும் கெட்டிக்காரராக இருந்து, வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது மட்டும் "இதுல என்ன சிரிப்பு?" என்று கேட்கும் சித்தப்பாவோ அத்தையோ பல குடும்பங்களில் உண்டு. இவர்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்று முடிவுகட்டுவது வழக்கம். பெரும்பாலும் அது தவறான முடிவு. நகைச்சுவை புரிவதற்கு மனம் சில படிகளைக் கடக்க வேண்டியுள்ளது. இவர்கள் அவற்றில் ஏதோ ஒரு படியில் நின்றுவிடுகிறார்கள். அது எந்தப் படி என்று தெரிந்தால் நகைச்சுவையை அவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம்.

ஒரு வாழைப்பழமும் இரண்டு கணக்குகளும்

ஜெரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்த விளக்கத்தின்படி ஒரு சிரிப்புத் துணுக்கு மனதில் இரண்டு கட்டங்களாக வேலை செய்கிறது. முதலில் கேட்பவர் எதிர்பார்த்ததும் நடந்ததும் பொருந்தாமல் போகின்றன. பிறகு வேறொரு கணக்கின்படி பார்த்தால் அது பொருந்துகிறது என்று மனம் கண்டுபிடிக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பில்தான் சிரிப்பு பிறக்கிறது.

தமிழர்கள் அனைவருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றையே பார்க்கலாம். 1989இல் கங்கை அமரன் இயக்கத்தில் வெளிவந்த கரகாட்டக்காரன் படத்தில், இரண்டு வாழைப்பழம் வாங்கி வரும்படி செந்திலைக் கவுண்டமணி அனுப்புகிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருக்கும் பழத்தையே காட்டி, அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான்.

இந்தக் காட்சி முழுவதும் 'இன்னொன்று' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு பொருள் கிடையாது. எதை முதலாவதாக எண்ணுகிறோமோ, அதைப் பொறுத்து மற்றது இன்னொன்று ஆகும். கவுண்டமணி கையில் உள்ளதை முதலாவதாக எண்ணுகிறார், ஆகவே அவருக்கு இன்னொன்று என்பது காணாமல் போன பழம். செந்தில் தின்ற பழத்தை முதலாவதாக எண்ணுகிறார், ஆகவே அவருக்கு இன்னொன்று என்பது கையில் உள்ள பழம். சொல்லளவில் இருவருமே சரி. கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று பார்த்தால் செந்தில் சொல்வது பதிலே அல்ல. இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பவர் சிரிக்கிறார்.

நேர்ப்பொருள் சிந்தனையாளர் இங்கே இரண்டு விதமாகத் தடுக்கி நிற்கலாம். "தின்னுட்டுப் பொய் சொல்றான், இதுல என்ன வேடிக்கை?" என்பவர் கவுண்டமணியின் கணக்கில் மட்டும் நிற்கிறார். "அவன் சரியாத்தானே சொல்றான்? எதுக்கு அடிக்கிறாரு?" என்பவர் செந்திலின் கணக்கில் மட்டும் நிற்கிறார். முன்னவருக்கு அந்தச் சொல் எப்படி இரண்டு பக்கமும் திரும்பும் என்று காட்ட வேண்டும். இரண்டு பழங்களை மேசையில் வைத்துக் காட்டினால் இன்னும் எளிது. பின்னவருக்குக் கேட்டவர் உண்மையில் எதைத் தெரிந்துகொள்ள விரும்பினார் என்பதை நினைவூட்ட வேண்டும். இருவருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஒருவருக்குத்தான் பயன்படும்.

யார் எங்கே நிற்கிறார் என்று அறிய, அந்தக் காட்சியைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும். "செந்தில் பழத்தைத் தின்னுட்டான், கவுண்டமணி அடிச்சாரு" என்று கதை மட்டும் வந்து 'இன்னொன்று' விட்டுப்போயிருந்தால், துணுக்கு அவரைச் சென்றடையவில்லை. அவர் சிரித்தாரா என்பது நம்பத்தக்க அடையாளம் அல்ல. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து அரைக்கணம் தாமதமாகத் தானும் சிரிக்கப் பலர் சிறுவயதிலேயே பழகிவிடுகிறார்கள்.

நேர்மாறாகச் சொல்லும் பேச்சு

சொல் விளையாட்டைவிடக் கடினமானது கேலியான நேர்மாறு பேச்சு. ரசத்தில் உப்பு அள்ளிப் போட்டிருக்கும்போது "ரசம் பிரமாதம்" என்பது போன்றது. இதில் இரண்டாவது பொருள் சொல்லில் இல்லை. சொல்பவரின் மனதில் இருக்கிறது. அதைக் குரலின் இழுப்பு, முகம், சூழ்நிலை ஆகியவற்றிலிருந்து கேட்பவர் ஊகிக்க வேண்டும். தமிழில் சில வெளிப்படையான அடையாளங்களும் உண்டு. "இவரு பெரிய கலெக்டராக்கும்" என்பதில் உள்ள 'ஆக்கும்', "ரொம்ம்ப நல்லாருக்கு" என்பதில் உள்ள நீட்டல் போன்றவை அவை. இவற்றைத் தனியே எடுத்துக் கற்றுக்கொடுக்க முடியும். முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைவிட இது எளிது.

பிரான்செஸ்கா ஹாப்பே 1994இல் வெளியிட்ட ஆய்வில், கேலி, பொய், வேடிக்கை, பாசாங்கு போன்றவை இடம்பெறும் சிறு கதைகளைப் படித்துக் காட்டி, கதைமாந்தர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டார். ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள், ஆனால் அது அந்தக் கதையின் சூழலுக்குப் பொருந்தவில்லை. சொன்னவருக்கு ஒரு நோக்கம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த நோக்கம் என்பதில்தான் தடுமாற்றம்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

நேர்ப்பொருள் சிந்தனை நெடுங்காலமாகத் தமிழில் சிரிப்புக்கு உரிய பொருளாகவே இருந்துவந்திருக்கிறது. தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைக் கூறுகிறது. இவற்றில் இரண்டு அறியாமையைச் சார்ந்தவை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் வரும் சீடர்கள் இதற்குப் பெயர்போனவர்கள். (பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையை 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார்.) குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை விழுகிறது, சொல்லவில்லையே என்று யாரும் எடுப்பதில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்றதும் குதிரையின் சாணத்தை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதித் தந்ததும், குருவே பள்ளத்தில் விழுந்தபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று துணிமணிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கதை இன்றும் சிரிப்பூட்டுகிறது. ஆனால் சீடர்களின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கியபின் தெளிவான கட்டளையைத்தான் கேட்கிறார்கள், கிடைத்ததை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். வகுப்பிலும் வேலையிடத்திலும் இப்படிப்பட்டவரை வேண்டுமென்றே ஏமாற்றிச் சிரிப்பது எளிது. "வாத்தியார் உன்னை வெயில்ல நிக்கச் சொன்னாரு" என்றால் நிற்பார். இப்படிச் சிலமுறை நடந்தால் சிரிப்புச் சத்தம் கேட்டாலே அவர் ஒதுங்கத் தொடங்குவார். வேடிக்கை புரியாமல் போவதைவிட இந்த ஒதுங்கல்தான் அவரை அதிகம் பாதிக்கும்.

மொழியா, சிந்தனையா

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கே வீட்டில் உருது அல்லது தெலுங்கு பேசி, வெளியில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். தமிழ்ச் சிலேடையில் அவர்கள் சிரிக்காவிட்டால் அது சொல்வளம் சார்ந்ததாக இருக்கலாம். சோதிக்கும் வழி எளிது: வீட்டுமொழியில் நடக்கும் கேலி புரிகிறதா என்று பார்ப்பது. அம்மாவின் உருதுக் கிண்டலுக்கு உடனே பதில் கொடுக்கும் பிள்ளையிடம் நேர்ப்பொருள் சிந்தனையைத் தேட வேண்டியதில்லை. இரு மொழியிலும் ஒரே மாதிரி தடுக்கினால்தான் அது சிந்தனை முறை சார்ந்தது. அதோடு பேச்சு வளர்ச்சி, பழக்கவழக்கம் ஆகியவற்றிலும் ஐயம் இருந்தால், குழந்தை வளர்ச்சி பார்க்கும் மருத்துவரை அணுகலாம். வேடிக்கை புரியாதது மட்டுமே மருத்துவரிடம் போவதற்குக் காரணம் ஆகாது.

பகிர்ந்துகொள்ளும் முறை

ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள அமிர்திக்கு ஒரு குடும்பம் கோடையில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலம் இல்லாததால் அருவிப் பாறை காய்ந்து கிடக்கிறது. மாமா அதைப் பார்த்து, "யப்பா, இன்னா வெள்ளம்! நீச்சல் தெரியாதவங்க கரையிலயே நில்லுங்க" என்கிறார். எல்லோரும் சிரிக்கப் பன்னிரண்டு வயதுப் பையன் மட்டும், "மாமா, தண்ணியே இல்லையே" என்கிறான்.

இந்த இடத்தில் "இவனுக்கு ஒண்ணும் புரியாது" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. உண்மையில் பையன் பாதி வேலையை முடித்துவிட்டான். மாமா சொன்னதும் கண்முன் இருப்பதும் பொருந்தவில்லை என்பதை அவன்தான் வாய்விட்டுச் சொன்னான். மீதி ஒரு படியை மாமா கொடுக்கலாம்: "கரெக்ட்டுடா, தண்ணி இல்லை. அது எல்லாருக்கும் கண்ணுல தெரியுது. தெரியுற விஷயத்தை அப்படியே தலைகீழா சொல்றது ஒரு விளையாட்டு. யாரையும் ஏமாத்துறதுக்கு இல்லை." இதில் முக்கியமானது கடைசி வாக்கியம். பொய்க்கும் வேடிக்கைக்கும் உள்ள வேறுபாடு அதில்தான் இருக்கிறது, நேர்மையில் பிடிவாதமான இந்தப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் தேவை. விளக்கினால் வேடிக்கை செத்துவிடும் என்பது மற்றவர்களின் கவலை. விளக்கமே இவர்களுக்குப் புதிர் அவிழ்வது போன்ற இன்பம் தரலாம்.

அடுத்து முறை அவனுடையது. உயிரியல் பூங்காவில் காலிக் கூண்டு ஒன்றைப் பார்த்து அவன், "மாமா, கூட்டம் தாங்கல, தள்ளி நில்லுங்க" என்று சொன்னால் விளையாட்டின் விதி பிடிபட்டுவிட்டது என்று பொருள். அதன்பின் ஒவ்வொரு கூண்டிலும், வீடு திரும்பும் பேருந்திலும் அதையே சொல்வான். எதிர்பார்க்க வேண்டியதுதான். விதியைப் பிடித்தவர் அதன் அளவை இன்னும் பிடிக்கவில்லை. "ரெண்டு தடவை சொன்னா சிரிப்பு வரும், மூணாவது தடவை புதுசா ஒண்ணு வேணும்" என்று எண்ணிக்கையாகவே சொல்லிவிடலாம். எங்கே சொல்லக் கூடாது என்பதையும் இடம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்: துக்க வீடு, ஆசிரியர் திட்டும் நேரம், புதியவர்கள் முன்னிலை.

எந்த வகையில் தொடங்குவது என்பதும் கவனிக்கத்தக்கது. விடுகதை, சிலேடை, எண் புதிர் போன்றவற்றில் விடை சொல்லுக்குள்ளேயே இருப்பதால் நேர்ப்பொருள் சிந்தனையாளர்கள் பலர் அவற்றை விரும்புகிறார்கள், சிலர் மற்றவர்களைவிட நன்றாகவே உருவாக்குகிறார்கள். ஆள்மீதான கேலியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் இருக்கலாம்.

வேலையிடத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: கட்டளையோடு கேலியைக் கலக்கக் கூடாது. தோல் வெட்டும் பிரிவில் ஒருவர், கீறல் உள்ள பகுதியைக் காட்டி "இதையும் வெட்டவா?" என்று கேட்கிறார். மேற்பார்வையாளர் எரிச்சலோடு, "ஆமா, அதையும் சேர்த்து வெட்டு, கம்பெனி நம்மளுதுதானே" என்கிறார். அவர் வெட்டிவிடுவார். கீறல் விழுந்த துண்டு மேல்தோலாகத் தைக்கப்பட்டுத் தரப் பரிசோதனையில் திரும்பி வரும்போது பழி வெட்டியவர் மேல் விழும். கேட்டது சரியான கேள்வி, கிடைத்தது தவறான பதில். "வேண்டாம், அதை விட்டுட்டு வெட்டு" என்று முதலில் சொல்லிவிட்டு, கிண்டலைத் தேநீர் இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.