வடையின் படமும் பேரிங்கின் அளவும்

"பார்ட் படம் மட்டும் போதாது. மெஷின் மாடல் என்ன, எத்தனை பீஸ் வேணும், ரெண்டையும் எழுதுங்க." அம்பத்தூர் தொழிற்பேட்டை அருகே உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய குறிப்பு இது. செல்போன் கேமரா இவ்வளவு துல்லியமான பிறகும் இதெல்லாம் எதற்கு என்று ஆவடி வாசகர் ஒருவர் கேட்கிறார்.

மெகாபிக்சல் எத்தனை கூடினாலும் படத்தில் இல்லாத ஒன்று கூடாது. அது அளவு.

அந்தக் கடையில் அதிகம் கேட்கப்படும் பொருள்களில் ஒன்றான பால் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். 6203 என்ற பேரிங்கின் உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40, தடிமன் 12. அடுத்த அளவான 6204-க்கு இவை 20, 47, 14. வெளிவிட்டத்தைத் துளையால் வகுத்தால் இரண்டுக்குமே ஏறத்தாழ 2.35 வருகிறது. தடிமனோ இரண்டிலும் வெளிவிட்டத்தில் பத்தில் மூன்று பங்கு. அதாவது ஒன்று மற்றொன்றின் பெரிதாக்கிய வடிவம். கேமரா பதிவு செய்வது கோணங்களை மட்டுமே. சிறியது அருகிலும் பெரியது சற்றுத் தள்ளியும் இருந்தால் படம் ஒன்றுதான். டீக்கடை மெதுவடையும் கல்யாணப் பந்தி மெதுவடையும் இப்படித்தான்: மாவு கூடக் கூட ஓட்டையும் தடிமனும் சேர்ந்தே பெருத்தால், இலையும் விரலும் இல்லாத படத்தில் எது எதுவென்று சுட்டவருக்கே தெரியாது.

பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுக்கலாமே என்பார்கள். நாணயம் மேசையில் கிடக்கிறது. பேரிங்கின் மேல்முகமோ 12 மி.மீ. உயரத்தில், கேமராவுக்கு அருகில் இருக்கிறது. 20 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்தால் அந்த முகம் ஆறு சதவீதத்துக்கு மேல் பெருத்துத் தெரியும். 40 மி.மீ. வெளிவிட்டம் 42.5 ஆகிவிடும். 6302 பேரிங்கின் வெளிவிட்டம் 42. வெர்னியர் காலிபர் இந்தத் தவறைச் செய்யாது.

வெளியளவைச் சரியாக அளந்தாலும் சிக்கல் முடியவில்லை. 6204, 6303 இரண்டுக்கும் வெளிவிட்டம் 47, தடிமன் 14. மோட்டாரின் கூட்டில் இரண்டுமே கச்சிதமாக உட்காரும். ஆனால் 6303-இன் துளை 17 தான்; 17 மி.மீ. ஷாப்டில் 6204-ஐப் போட்டால் 3 மி.மீ. ஆடும்.

இந்த அளவுகளை ஐஎஸ்ஓ 15 என்ற உலகத் தரம் நிர்ணயிக்கிறது. பயன்படுவது எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். 04 முதல் அதை ஐந்தால் பெருக்கினால் துளை வரும். அதற்குக் கீழே 00, 01, 02, 03 என்பவை 10, 12, 15, 17 மி.மீ.

அந்த எண் வளையத்தின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு எடுத்தால் படமே போதும். துருவில் எண் அழிந்திருந்தால்தான் மெஷின் மாடல் தேவை; அதை வைத்துத் தயாரிப்பாளரின் பாகப் பட்டியலில் கடைக்காரர் தேடிவிடுவார்.

எண்ணிக்கையையும் படம் சொல்லாது. சீலிங் ஃபேனில் பேரிங் இரண்டு. பல ஃபேன்களில் ஒன்று 6202, மற்றது 6201. கழற்றியவர் கையில் கிடைத்த ஒன்றை மட்டும் படமெடுத்து அனுப்பி, "இதே மாதிரி ரெண்டு" என்றால், கொண்டுபோன பார்சலில் ஒன்று கடைக்கே திரும்பி வரும்.