பெரிய கடையில் ஏழு ரூபாய் குறைவு: நாம் என்ன செய்வது?

சென்ற மாதம் பாக்கி கட்ட வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், பாதிப் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"அண்ணாச்சி, பக்கத்துத் தெருப் பெரிய கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் 143 ரூபாய். அதே கம்பெனி. 150க்கு விற்ற நானும் 143 ஆக்கிவிட்டேன். கூட்டம் வருகிறது, கையில் காசு நிற்கவில்லை" என்றார்.

அவரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். அவருக்கு அடக்கம் 140 ரூபாய். முன்பு பாக்கெட்டுக்கு 10 ரூபாய் நின்றது. வாரம் 60 பாக்கெட்டுக்கு 600 ரூபாய். இப்போது நிற்பது 3 ரூபாய். விற்பனை 75 ஆகியும் கிடைப்பது 225 ரூபாய்தான். பழைய 600 வர வேண்டுமானால் 200 பாக்கெட் விற்றாக வேண்டும். அந்தத் தெருவில் அவ்வளவு அடுப்பு இல்லை.

பிறகு அந்தப் பெரிய கடைப் பாக்கெட் ஒன்றை வாங்கிவரச் சொன்னோம். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. எடையைப் படித்தோம். இவருடையது 1 லிட்டர், அதாவது சுமார் 910 கிராம். அங்கே விற்பது 870 கிராம். 143 ரூபாயை 870ஆல் வகுத்து 910ஆல் பெருக்கினால் 149 ரூபாய் 60 காசு வருகிறது. உண்மையான வித்தியாசம் 40 காசு! அதற்காக இவர் ஏழு ரூபாயை விட்டிருக்கிறார்.

ஆகவே விலையைத் தொடுமுன் எதிரிச் சரக்கில் ஒன்றை வாங்கி நிகர எடையைப் பாருங்கள். கிராமுக்கு அல்லது மில்லி லிட்டருக்கு என்ன விலை என்பதும் இப்போது பாக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. அவர் இரண்டு பாக்கெட்டையும் கல்லாப் பக்கத்தில் வைத்து, எடையைப் பெரிதாக எழுதி, விலையை 150க்கே கொண்டுவந்துவிட்டார்.

எடையும் ஒன்றாகவே இருந்தால்? அந்த ஒரு சரக்கில் மட்டும் இறங்குங்கள். அதுவும் மற்ற மளிகையோடு சேர்த்து வாங்குவோருக்கு ஒரு பாக்கெட் என்ற அளவில். கூடவே பருப்பு, மிளகாய், வெல்லம் எல்லாவற்றையும் குறைத்துவிடாதீர்கள். எண்ணெய் நட்டத்தைத் தாங்குவது அவைதான். பெரிய கடைக்குக் கொடுக்கும் சலுகையை நமக்கும் தரும்படி கம்பெனி ஏஜெண்டிடம் கேளுங்கள்.

அடக்கத்துக்கும் கீழே அங்கே விற்றால் பின்தொடர வேண்டாம். 'ஒருவருக்கு இரண்டு மட்டும்' என்று எழுதியிருந்தால் அது ஆள் இழுக்கும் விலை. அந்த நாட்களில் எண்ணெய்க் கொள்முதலைக் குறைத்துக்கொள்வதே நல்லது. விலை போட்டியில் முதலில் கரைவது லாபம். அடுத்துக் கரைவது நமக்குக் கட்டவேண்டிய சரக்குப் பணம். அந்த நண்பரின் பாதி பாக்கி நமக்குச் சொன்னதும் அதுதான்.